அப்பாவின் கால் புண்ணை வீடியோ காலில் டாக்டருக்குக் காட்டினால் கால் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, என்ன செய்வது?

அந்தோப்ஹில்_செல்வி (ஞாயிறு, இரவு 10.40)

எல்லாருக்கும் வணக்கம். மும்பை அந்தோப்ஹில்லில் இருக்கிறோம். ஒரு ரூம், ஒரு கிச்சன். அப்பாவுக்கு 67 வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன வாரம் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்திருக்கிறது. அப்பாவை ஆரம்பத்திலிருந்து பார்க்கிற டாக்டர் திருநெல்வேலியில் இருக்கிறார். அவரிடம் காட்டாமல் வேறு யாரிடமும் போக மாட்டேன் என்கிறார் அப்பா. டாக்டரும் "வீடியோ கால்ல காட்டும்மா, பார்த்துட்டுச் சொல்றேன்"னு சொன்னார்.

நேற்று ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டோம். எங்கள் வீட்டில் கால் போட்டால் பின்னாடி எல்லாம் தெரியும். தங்கச்சி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், கொடியில் துணி கிடக்கும். அதனால் எப்பவும் பேக்ரவுண்ட் ப்ளர் போட்டுத்தான் பேசுவேன். நேற்றும் போட்டிருந்தேன். வெளிச்சம் குறைவு என்பதால் லோ லைட்டையும் ஆன் பண்ணினேன். அப்புறம் ஃப்ளிப் பண்ணி பின் கேமராவில் அப்பா காலைக் காட்டினேன்.

டாக்டருக்கு எதுவுமே தெரியவில்லை. "கால் இருக்குன்னு தெரியுது, புண்ணு எங்கன்னு தெரியல, எல்லாம் கஞ்சி மாதிரி இருக்கு"ன்னார். பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் மோசம். ஆனால் என் போனில் எனக்கு ஓரளவு தெளிவாகத்தான் தெரிந்தது. நெட்டும் நன்றாகத்தான் இருந்தது, டாக்டர் குரல் ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் சரி பண்ண வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

---

முலுண்ட்_வாசன் (ஞாயிறு, 11.05)

மேடம், ரிங் லைட் ஒண்ணு வாங்கிடுங்க. முகத்துக்கு நேரா வச்சா ப்ளர் ரொம்ப நேர்த்தியா விழும், முடி ஓரம்கூட வெட்டாது. என் பையனுக்கு ஆன்லைன் இன்டர்வியூ வந்தப்ப இதான் பண்ணினோம். சட்டை நிறமும் சுவர் நிறமும் ஒண்ணா இருந்தா ப்ளர் தடுமாறும், அதையும் கவனிங்க.

---

அந்தோப்ஹில்_செல்வி (ஞாயிறு, 11.12)

வாசன் சார், முகம் இல்லை, கால் புண்ணைத்தான் காட்ட வேண்டும். ஆனால் சட்டை நிறம் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி.

---

மாதுங்கா_ரகு (திங்கள், காலை 7.30)

செல்வி, உங்க பிரச்சினை லோ லைட் மோட் சரியா வேலை செய்யாததுதான். வாட்ஸ்அப்ல 2024 அக்டோபர்லதான் ஃபில்டர், பேக்ரவுண்டோட சேர்த்து இதை அறிவிச்சாங்க. ஒவ்வொரு காலுக்கும் மறுபடி ஆன் பண்ணணும், போன தடவை போட்டது நிக்காது. நீங்க போட்டேன்னு நினைச்சு போடாம விட்டிருப்பீங்க. அதை ஆன் பண்ணினா கேமரா சென்சாரே அதிக வெளிச்சத்தை உள்ளே இழுக்கும், படம் தெளிவாயிடும்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். கேமராவை ஃப்ளிப் பண்ணினா இடது வலது மாறிடும். டாக்டருக்கு உங்க அப்பாவோட வலது கால் இடது காலாத் தெரியும். அதையும் சொல்லிடுங்க.

---

தாராவி_இசக்கி (திங்கள், 8.50)

எனக்கும் இதே கதைதான் அக்கா, ஆனா மாத்திரை. அம்மா தென்காசியில இருக்காங்க. மாசா மாசம் மெடிக்கல்ல வேற வேற கம்பெனி மாத்திரை குடுப்பாங்க. அம்மா அட்டையைத் தூக்கி முன் கேமராவுக்குக் கிட்ட வச்சு "இதா, இதா"ன்னு கேப்பாங்க. ஒரு எழுத்து தெரியாது. கிட்டக் கொண்டுவந்தா அதைவிட மோசம். ப்ளர் எதுவும் போடல, வெளிச்சமும் இருக்கு. அப்ப என்ன காரணம்? இதையும் யாராவது சொன்னா நல்லது. அம்மா ஒரு தடவை பிரஷர் மாத்திரையை ரெண்டு வேளை போட்டுட்டாங்க, அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

---

ஐரோலி_நித்யா (திங்கள், மதியம் 1.20)

வீடியோ கால் ஆப்களை விதவிதமான போன்களில் சோதித்துப் பார்ப்பதுதான் எட்டு வருஷமாக என் வேலை. செல்வி, உங்கள் விஷயத்தில் தப்பு ஒன்று இல்லை, இரண்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. முதலில் ப்ளரைச் சொல்கிறேன், அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பேக்ரவுண்ட் ப்ளருக்கு "பின்னணி" என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது மனித உருவம் மட்டும்தான். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடி, ஆள் அல்லாத எல்லாவற்றையும் மங்கலாக்கும். அந்தத் தேடலையும் முழுப் படத்தில் செய்வதில்லை, படத்தைச் சின்னதாகச் சுருக்கித்தான் செய்கிறது. கூகுள் மீட்டின் பிரவுசர் ப்ளரைப் பற்றி 2020இல் அவர்கள் எழுதியபோது, சுருக்கிய படத்தின் அளவு 256×144 புள்ளிகள் என்றார்கள். தபால் தலை அளவு படத்தைப் பார்த்து ஓரம் வெட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி வசதிகளுக்கு எதைக் காட்டிப் பழக்குகிறார்கள் என்று பாருங்கள்: கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற முகம், தோள், மார்பு. உங்கள் படத்தில் முகமும் இல்லை, தோளும் இல்லை, ஒரு பாதம் மட்டும். அதை ஆள் என்று கண்டுபிடிப்பது அதற்குக் கஷ்டம். உங்கள் அப்பாவின் காலை அது பின்னணி என்று எடுத்துக்கொண்டு மங்கலாக்கியிருக்கிறது. டாக்டர் "கஞ்சி" என்று சொன்னது மிகச் சரியான வார்த்தை. 

உறுதிசெய்ய ஒரு வழி. காலுக்குப் பக்கத்தில் தினத்தந்தியோ எந்தப் பேப்பரோ விரித்து வையுங்கள். வீட்டில் இருக்கிற இன்னொரு போனுக்குக் கால் போட்டு அந்தப் போனில் பாருங்கள். தலைப்பு எழுத்தே படிக்க முடியவில்லை என்றால் ப்ளர் ஓடுகிறது. கால் கொஞ்ச நேரம் தெளிவாகவும் கொஞ்ச நேரம் மங்கலாகவும் மாறி மாறி வந்தாலும் ப்ளர்தான், கண்டுபிடிக்கத் திணறுகிறது என்று அர்த்தம்.

உங்கள் போனிலேயே பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஓரத்தில் தெரிகிற உங்கள் படம் நெட்வொர்க் வழியாகப் போய்த் திரும்பி வந்தது இல்லை, உங்கள் போனே நேராகக் காட்டுவது. சின்னதாக வேறு இருக்கிறது, சின்னப் படத்தில் மங்கல் தெரியாது. "எனக்குத் தெளிவாகத் தெரிந்தது" என்று நீங்கள் எழுதியது இதனால்தான்.

இரண்டாவது விஷயம் லோ லைட். அதை ராத்திரி எழுதுகிறேன், மீட்டிங் இருக்கிறது.

---

பாண்டூப்_கணேஷ் (திங்கள், 2.05)

நித்யா மேடம், என் போன்ல நான் ப்ளர் போட்டுட்டு ஃப்ளிப் பண்ணினா பின் கேமராவுல ப்ளர் போயிடுதே? தானா ஆஃப் ஆகுது. செல்வி போன்ல மட்டும் எப்படி ஓடும்?

---

ஐரோலி_நித்யா (திங்கள், இரவு 9.15)

கணேஷ், ஆப்புக்கு ஆப், போனுக்குப் போன் வேறாக இருக்கிறது. நான் பார்த்ததில் சிலதில் ஃப்ளிப் பண்ணினால் ப்ளர் அணையும், சிலதில் தொடரும், சிலதில் மறுபடி முன் கேமராவுக்கு வரும்போது தானாகவே திரும்ப வரும். ஒரே ஆப் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மாறியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஃப்ளிப் பண்ணுவதற்கு முன்னால் கையால் அணைத்துவிடுவதுதான் நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆப்பில் இருக்கிற ப்ளர் தனி, கன்ட்ரோல் சென்டரில் இருக்கிற போர்ட்ரெய்ட் தனி. ஆப்பில் அணைத்தும் மங்கலாகவே இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

இப்போது லோ லைட். ரகு சார், ஒவ்வொரு காலுக்கும் ஆன் பண்ண வேண்டும் என்று சொன்னது சரி. ஆனால் சென்சார் அதிக வெளிச்சத்தை உள்ளே இழுக்கும் என்பது அந்த பட்டனின் வேலை இல்லை. இருட்டாக இருந்தால் பட்டனைத் தொடாமலேயே கேமரா தன்னால் முடிந்ததைச் செய்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் திறந்து வைக்கும். நொடிக்கு 30 படம் எடுத்தால் ஒரு படத்துக்கு 1/30 நொடிக்கு மேல் கிடைக்காது. அதனால் பல போன்கள் இருட்டில் 15 படத்துக்கு இறங்கும், அப்போது 1/15 நொடி கிடைக்கும். அந்த நேரத்துக்குள் கை ஆடினால் படம் இழுபடும். வீடியோ திக்கித் திக்கி ஓடுகிற மாதிரி தெரிவதும் இதனால்தான்.

லோ லைட் பட்டன் இதற்குப் பிறகு வருகிறது. எடுத்து முடித்த இருட்டுப் படத்தைத் தூக்கிப் பிரகாசமாக்குகிறது. இருட்டில் எடுத்த படத்தில் ஏற்கெனவே மணல் தூவிய மாதிரி புள்ளிகள் இருக்கும், அவையும் சேர்ந்து பிரகாசமாகும். அந்த மணல் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது. வீடியோவைச் சுருக்கி அனுப்புகிற பகுதி, போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் அனுப்பித்தான் டேட்டாவை மிச்சம் பிடிக்கும். மணல் ஆடுவதால் எல்லாமே மாறுகிற மாதிரி அதற்குத் தெரிகிறது. கொடுத்த டேட்டாவுக்குள் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் வழித்துத் தேய்த்துவிடுகிறது. புண்ணின் ஓரம், தோல் கோடு போன்ற நுணுக்கமானவைதான் முதலில் காணாமல் போகும். முகத்துக்கு இது பரவாயில்லை, அம்மா முகம் கொஞ்சம் வழுவழுப்பாகத் தெரிந்தால் பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. புண்ணுக்கு ஆகும்.

செல்வி, நீங்கள் ப்ளரும் போட்டு லோ லைட்டும் போட்டிருக்கிறீர்கள். இருட்டில் ப்ளருக்கே ஓரம் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டையும் அணையுங்கள். வெளிச்சத்தை வீட்டிலிருந்தே கொடுங்கள், மென்பொருளிடம் கேட்காதீர்கள்.

ரகு சாரின் இடது வலது: முன் கேமராவில் உங்களுக்குத் தெரிகிற உங்கள் படம் மட்டும்தான் கண்ணாடி மாதிரி மாறியிருக்கும். எதிரில் இருப்பவருக்குப் பொதுவாகச் சரியாகவே தெரியும். பின் கேமராவில் உங்களுக்கும் மாறாது.

---

மாதுங்கா_ரகு (திங்கள், 9.50)

நித்யா, கண்ணாடி விஷயம் இப்பதான் வீட்டுக்காரம்மா போனுக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்க சொன்னது சரி, நான் என் ஸ்கிரீனை மட்டும் பார்த்துட்டே இத்தனை நாள் இருந்திருக்கேன். ஆனா லோ லைட் பத்தி ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டுல கரண்ட் போனப்ப மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பேரப்பிள்ளை முகம் அதை வச்சுத்தான் தெரிஞ்சது. பட்டனை அணைச்சா வெறும் கறுப்பு.

---

ஐரோலி_நித்யா (திங்கள், 10.02)

அதற்கு அது அருமையான வசதிதான் சார், நானும் பயன்படுத்துகிறேன். வேறு வெளிச்சம் இல்லாத இடத்தில் ஆளைப் பார்ப்பதற்கு. டாக்டர் பார்ப்பதற்கு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

இசக்கி, உங்கள் கேள்வி விட்டுப்போச்சு. நிறைய போன்களில் முன் கேமராவுக்கு ஃபோகஸ் மாறாது. கையை நீட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு ஒரே அளவில் வைத்து விட்டிருப்பார்கள், முகம் அங்கேதானே இருக்கும். அம்மா அட்டையை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால் அது ஃபோகஸுக்கு வெளியே. கிட்டே வரவர மோசமாகிறது என்று நீங்கள் எழுதினீர்களே, அதுவேதான் அடையாளம். ஃப்ளிப் பண்ணிப் பின் கேமராவில் காட்டச் சொல்லுங்கள், அதற்கு ஆட்டோஃபோகஸ் உண்டு. அதையும் ஒட்டி வைக்கக் கூடாது, ஒன்றேகால் சாண், சுமார் 25 செ.மீ. இருக்கட்டும். அட்டையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு போனை மட்டும் பிடிக்கட்டும். இரண்டும் கையில் இருந்தால் இரண்டும் ஆடும்.

---

தாராவி_இசக்கி (திங்கள், 10.30)

அம்மாவுக்கு ஃப்ளிப் பட்டன் எதுன்னு காட்டுறதே பெரிய வேலை. ஸ்கிரீனைத் தொட்டாத்தான் பட்டனெல்லாம் வரும், கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடும். "அம்பு சுத்தி இருக்குல்ல, கேமரா மாதிரி, அதை அமுக்குங்க"ன்னா அமுக்குறதுக்குள்ள போயிடும், அப்புறம் பக்கத்துல இருக்குற சிவப்பை அமுக்கி காலைக் கட் பண்ணிடுவாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்லிக் குடுக்கச் சொல்லியிருக்கேன்.

---

சயான்_மேரி_அக்கா (செவ்வாய், காலை 6.10)

செல்விம்மா, நான் முப்பது வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. சர்ஜிகல் வார்டுல சர்க்கரைப் புண்ணுதான் அதிகம் பார்த்திருக்கேன். நித்யா கேமராவைப் பத்திச் சொல்லிட்டாங்க. நான் டாக்டர் என்ன தேடுவாருன்னு சொல்றேன், அதுக்கேத்த மாதிரி காட்டுங்க.

அவர் பார்க்குறது நாலு விஷயம். புண்ணு எவ்வளவு அகலம். சுத்தி சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கு. அடியில என்ன நிறம், சிவப்பா மஞ்சளா கறுப்பா. அமுக்கினா ஏதாவது வருதா. முதல் ரெண்டுக்கும் அளவு வேணும். வெறும் புண்ணைக் காட்டினா அது மிளகளவா நெல்லிக்காயளவான்னு ஸ்கிரீன்ல தெரியாது. ஒரு பத்து ரூபா நாணயத்தைக் கழுவித் துடைச்சு, புண்ணுல படாம பக்கத்துல ஒரு விரல் தள்ளி வைங்க. அது 27 மில்லிமீட்டர். அடுத்த தடவையும் அதே நாணயத்தை வச்சா பெருசாச்சா சின்னதாச்சான்னு அவரால சொல்ல முடியும்.

நிறத்துக்கு பகல் வெளிச்சம்தான். மஞ்ச பல்புல சிவப்பு எது, தோல் எதுன்னு பிரியாது. ராத்திரி எட்டரைக்குக் காட்டினது முதல் தப்பு. சாயங்காலம் நாலு, நாலரைக்கு ஜன்னல் ஓரத்துல காட்டுங்க.

கறுப்பாச்சு, நாத்தம் வருது, காய்ச்சல் வருது, சிவப்பு பாதத்து மேல ஏறுதுன்னா புதன்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. அப்பா அடம் பிடிச்சாலும் கூட்டிட்டுப் போங்க. இப்ப அதுல எதுவும் இருக்கா?

---

அந்தோப்ஹில்_செல்வி (செவ்வாய், 7.00)

இல்லை அக்கா. காய்ச்சல் இல்லை, நாற்றம் இல்லை. கறுப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன், காலையில் ஜன்னல்கிட்ட வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு. வலி இல்லை என்கிறார்.

---

சயான்_மேரி_அக்கா (செவ்வாய், 7.15)

வலி இல்லைங்கிறதை நல்ல செய்தின்னு எடுத்துக்காதீங்கம்மா. பதினஞ்சு வருஷ சர்க்கரையில பாதத்துல உணர்ச்சியே குறைஞ்சிருக்கலாம். டாக்டர்கிட்ட "வலி இல்லைன்னு சொல்றார்"னு அப்படியே சொல்லுங்க, அவருக்குப் புரியும்.

---

ஐரோலி_நித்யா (செவ்வாய், 1.40)

மேரி அக்கா சொன்ன நிறம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வீடியோ கால்களில் பொதுவாக வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்புவார்கள், நிறத்தை நாலு புள்ளிக்கு ஒன்று என்றுதான் அனுப்புவார்கள். மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்ந்து பார்க்கும், நிற வித்தியாசத்தை அந்த அளவு பார்க்காது என்பதால் அப்படி. முகத்துக்குச் சரி. ஆனால் சிவப்பு எங்கே முடிகிறது என்பது வெறும் நிற வித்தியாசம், அதனால் நல்ல வெளிச்சத்திலும் அந்த ஓரம் வீடியோவில் கொஞ்சம் கரைந்துதான் தெரியும்.

அதனால் வீடியோ காலுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி சாதாரணக் கேமராவில் இரண்டு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருக்காமல் எடுத்தபடியே போகும். நுணுக்கம் போட்டோவில் பார்க்கட்டும், அமுக்கினால் என்ன ஆகிறது, விரலை அசைக்க முடிகிறதா என்பதை வீடியோவில் பார்க்கட்டும்.

காலுக்கு அடியில் வெள்ளைத் துணி விரிக்காதீர்கள். எல்லாரும் சுத்தமாக இருக்கட்டும் என்று வெள்ளை வேட்டியைத்தான் விரிப்பார்கள். கேமரா மொத்தப் படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து அளவு வைக்கும். வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், கால் கறுத்துத் தெரியும். கறுப்புத் துணி விரித்தால் தலைகீழ், கால் வெளுத்துவிடும். சாம்பலோ வெளிர் நீலமோ இருக்கட்டும்.

---

பாண்டூப்_கணேஷ் (செவ்வாய், 3.25)

ஜன்னல் வெளிச்சம் பத்தலைன்னா? மழைக்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடுமே. பின் கேமராவுக்குப் பக்கத்துலயே ஃப்ளாஷ் இருக்கே, டார்ச்சை ஆன் பண்ணிட்டுக் காட்டலாம்ல?

---

ஐரோலி_நித்யா (செவ்வாய், 4.00)

முயற்சி பண்ணிப் பாருங்கள், பெரும்பாலான போனில் கேமராவை ஒரு ஆப் பிடித்திருக்கும்போது டார்ச் பட்டன் சாம்பல் நிறமாகி அமுங்காது. இன்னொரு போனின் டார்ச்சை இன்னொருவர் பிடிக்கலாம். நேராக மேலிருந்து அடிக்க வேண்டாம், புண் ஈரமாக இருந்தால் பளபளவென்று வெள்ளையாகத் தெறிக்கும், அடியில் இருக்கிற நிறம் தெரியாது. பக்கவாட்டில் ஒரு கை தூரத்திலிருந்து, டார்ச்சுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து அடியுங்கள். ட்யூப் லைட் என்றால் அது காலுக்கு முன்பக்கம் இருக்கும்படி அப்பாவைத் திருப்பி உட்கார வையுங்கள். படத்தில் இருட்டுப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் அது விளக்கு மினுக்குவது. நம் கரண்டில் சோக் போட்ட பழைய ட்யூப் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கேமராவில் தப்பில்லை, அந்த விளக்கை அணைத்து வேறு விளக்கு போட்டால் போய்விடும்.

---

அந்தோப்ஹில்_செல்வி (செவ்வாய், 10.20)

இன்று ஒத்திகை பார்த்தோம். தங்கச்சி போனுக்குக் கால் போட்டு, அவளைக் கிச்சனில் நிற்க வைத்துக் கேட்டேன். ப்ளரோடு ஃப்ளிப் பண்ணினால் என் போனில் ப்ளர் தொடர்கிறது, கணேஷ் அண்ணா சொன்ன மாதிரி அணையவில்லை. பேப்பர் வைத்துப் பார்த்தோம், தலைப்பே தெரியவில்லை என்றாள். அணைத்த உடனே பொடி எழுத்துவரை படித்தாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புண்ணை டாக்டரிடமிருந்து நானே மறைத்து வைத்திருந்திருக்கிறேன்.

ஒரே கவலை, ப்ளர் இல்லாமல் வீட்டைக் காட்ட வேண்டும். அதோடு ஃப்ளிப் பண்ணினால் எனக்குப் பின்னாடி இருப்பது போய், எனக்கு முன்னாடி இருப்பது தெரிகிறது. தங்கச்சி பிள்ளையோடு உட்காருகிற இடம் அதுதான். இதை நான் யோசிக்கவே இல்லை.

---

தாராவி_இசக்கி (செவ்வாய், 10.45)

அக்கா, ஒரு சேலையைக் கொடியில தொங்க விடுங்க. நாங்க பத்துக்குப் பத்து ரூம்ல அப்படித்தான் பண்றோம். ப்ளரை நம்பி இருந்தப்ப ஒரு தடவை கால் ஆரம்பிச்ச முதல் நொடியில எல்லாம் தெளிவாத் தெரிஞ்சு, அப்புறம்தான் மங்கிச்சு. வீட்டுக்காரி குளிச்சுட்டு அப்பதான் வந்தா. அன்னையில இருந்து ப்ளர் போட்டாலும் சேலை உண்டு.

---

சயான்_மேரி_அக்கா (செவ்வாய், 10.50)

பழைய நீலச் சேலை இருந்தா ஒண்ணைத் தொங்க விட்டு ஒண்ணைக் காலுக்கு அடியில விரிங்க. துவைச்சதா இருக்கட்டும்.

---

அந்தோப்ஹில்_செல்வி (புதன், இரவு 8.30)

வீடியோ கால் முடிந்தது. எப்படி நடந்தது என்று முழுசாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

டாக்டரிடம் கேட்டு நேரத்தை நாலரைக்கு மாற்றினேன். அப்பாவை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்து, காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டி, அடியில் வெளிர் நீலச் சேலையை நாலாக மடித்து விரித்தேன். பத்து ரூபாய் நாணயத்தை ஒரு விரல் தள்ளி வைத்தேன். நாலேகாலுக்கு இரண்டு போட்டோ எடுத்து டாக்குமென்ட்டாக அனுப்பினேன். கொடியில் சேலை. தங்கச்சி சேலைக்கு அந்தப் பக்கம்.

முதலில் முன் கேமராவில் அப்பா முகத்தைக் காட்டிப் பேசவிட்டேன், அவருக்கு டாக்டர் முகத்தைப் பார்த்தால்தான் தைரியம். அதற்குப் பிறகு ப்ளரும் லோ லைட்டும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃப்ளிப் பண்ணினேன். ஒன்றேகால் சாண் தூரத்தில், முழங்கையை என் தொடையில் ஊன்றிப் பிடித்தேன். நகர்த்தின பிறகு ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு நொடி அசையாமல் நின்றேன், அப்போதுதான் ஃபோகஸ் பிடிக்கிறது. "வலது கால், கட்டைவிரலுக்கு அடியில்" என்று வாயாலும் சொன்னேன்.

டாக்டர் "ஆங், இப்ப தெரியுது"ன்னார். போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, புண் நாணயத்தில் பாதிகூட இல்லை, ஓரத்தில் தோல் தடித்திருக்கிறது என்றார். பக்கத்தில் அமுக்கச் சொன்னார், எதுவும் வரவில்லை. ஆனால் ஆழம் எவ்வளவு என்று வீடியோவில் சொல்ல முடியாது, கம்பி விட்டுப் பார்க்க வேண்டும், அதனால் நாளைக்கே மும்பையில் ஒரு சர்ஜனிடம் நேரில் காட்டுங்கள் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார். அப்பா சரி என்றார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

---

சயான்_மேரி_அக்கா (புதன், 8.45)

நல்ல டாக்டர். 2020 மார்ச்சுல வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்லயும் அப்படித்தான், நேர்ல பார்க்கணுமா வேண்டாமாங்கிறது டாக்டரோட முடிவு. நாளைக்குப் போகும்போது இன்னைக்கு எடுத்த போட்டோவையும் காட்டுங்க, நாணயத்தோட. செருப்பில்லாம நடக்க விடாதீங்க.

---

மாதுங்கா_ரகு (புதன், 9.10)

சந்தோஷம் செல்வி. நித்யா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். பகல் வெளிச்சம், பின் கேமரா எல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்குப் புண்ணுல ரத்தம் வந்து டாக்டரைக் கூப்பிட்டா? வீட்டுல ஒரே போன், டார்ச் கிடையாது, இருக்கிறது ஒரு மஞ்ச பல்பு. அப்ப லோ லைட் போடுறதா வேண்டாமா?

---

ஐரோலி_நித்யா (புதன், 9.40)

யோசிக்க வைக்கிறீர்கள் சார். அந்த பல்புக்கு நேர் கீழே காலை வைத்து, முதலில் பட்டன் இல்லாமல் காட்டுவேன். ஒன்றுமே தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால் போட்டுப் பார்ப்பேன், "நிறம் நம்பாதீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு. ஒரே போனாக இருந்தால் வீடியோ காலைக் கட் பண்ணி, ஃப்ளாஷோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிடலாம். வீடியோ கால் ஓடாதபோது ஃப்ளாஷ் வேலை செய்யும். எது வேகமாக இருக்கும் என்று நான் செய்து பார்த்ததில்லை.

---

தாராவி_இசக்கி (புதன், 11.00)

அம்மா இன்னைக்கு ஃப்ளிப் பண்ணிட்டாங்க! அட்டையைக் கட்டில்ல வச்சுக் காட்டினாங்க, பேரு, மில்லிகிராம் எல்லாம் படிச்சேன். ஒரு அட்டை பழசு, தேதி முடிஞ்சிருந்தது, தூக்கிப் போடச் சொன்னேன். ஆனா திரும்ப முன் கேமராவுக்கு வரத் தெரியல. மீதிப் பேச்சு முழுக்க நான் கட்டிலையும் மாத்திரையையும் பார்த்துட்டே பேசினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாளைக்கு வருது.